பக்கம் 345: குரு கிரந்த சாகிபில் ஒரு பாடலின் முகவரி

1. கேள்வி

தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் சென்னைச் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. அங்கே மேடையில் விதானத்தின் கீழ் வைத்துப் படிக்கப்படும் குரு கிரந்த சாகிபின் 345ஆம் பக்கத்தைத் திறந்தால் எந்த வரிகள் வருமோ, அமிர்தசரஸ் பொற்கோயில் பிரதியின் 345ஆம் பக்கத்திலும் அதே வரிகள்தாம் வரும். பிரதி பெரிதோ சிறிதோ, பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் மாறுவதில்லை. பெரும்பாலான பக்கங்களில் 19 வரிகள். மொத்தம் 1430 பக்கங்கள். சீக்கியர்கள் பக்கத்தை ‘அங்’ என்கிறார்கள். ஒரு பாடலை மேற்கோள் காட்டும்போது ஆய்வாளரும் பாடகரும் வாசகரும் அந்த எண் ஒன்றைச் சொன்னால் போதும்.

தமிழ் வாசகருக்கு இது புதுமையாகத் தோன்றும். நம் மரபில் பெருநூல்களைப் பக்க எண்ணால் எவரும் குறிப்பதில்லை. குறளுக்குக் குறள் எண். தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாடல் என்ற மூன்று எண்கள். நாலாயிரத்துக்குப் பாசுர எண். எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் என்பது பதிப்பாளரின் வசதியைப் பொறுத்தது. பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடிய பக்கத்தையே ஒரு சமயம் தன் மறைநூலின் நிலையான முகவரியாக்கியது எப்படி? பாடல் எண்ணைவிட்டுப் பக்க எண்ணைத் தேர்ந்ததற்கு என்ன காரணம்? அந்தத் தேர்வு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை? இக்கட்டுரை இவற்றை ஆராய்கிறது.

பக்கங்கள் நிலைபெற்றதால்தான் பாடமும் நிலைபெற்றது என்று ஒரு பொதுக் கருத்து உண்டு. எனக்குக் கிடைக்கும் சான்றுகள் வேறு வரிசையைக் காட்டுகின்றன. பக்கம் நிலைபெறுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பே பாடம் மற்றொரு கணக்கால் பூட்டப்பட்டிருந்தது. பக்க எண் அதன்மேல் பின்னால் வந்து அமர்ந்தது.

2. சுவடிகளில் பக்கம் நிலையாக இருக்கவில்லை

ஐந்தாம் குருவான அர்ஜன், முந்தைய குருமார்களின் பாடல்களையும் தம் பாடல்களையும் கபீர், நாமதேவர், ரவிதாஸ், பரீத் முதலிய பக்தர்களின் பாடல்களையும் தொகுத்து 1604இல் ஆதி கிரந்தத்தை உருவாக்கினார். எழுதியவர் பாயி குர்தாஸ். அச்சுவடி எனக் கருதப்படும் பிரதி ஜலந்தர் அருகேயுள்ள கர்த்தார்பூரில் சோதி குடும்பத்தாரிடம் இருக்கிறது. அதில் 974 ஏடுகள், அதாவது 1948 பக்கங்கள். பின்னால் கிடைக்கும் பாடல்களைச் சேர்க்க வசதியாக ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் இடம் விடப்பட்டதால் வெற்றுப் பக்கங்கள் நிறைய உண்டு. பிறகு பத்தாம் குருவான கோவிந்த் சிங் காலத்தில் ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்கள் சேர்ந்தன. 1708இல் நாந்தேடில் மறைவதற்குமுன், தமக்குப் பின் நூலே குரு என்று அவர் அறிவித்ததாக மரபு கூறுகிறது.

அக்காலச் சுவடிகளில் ஏட்டெண் இருந்தது. தொடக்கத்தில் பாடல்களின் முதற்குறிப்பும் ஏட்டெண்ணும் சேர்ந்த பொருளடக்கமும் இருந்தது. ‘தத்கரா’ என்பது அதன் பெயர். ஆனால் அந்த எண் அந்த ஒரு சுவடிக்கு மட்டுமே உரியது. இன்னொருவர் பெரிய எழுத்தில் படியெடுத்தால் ஏடுகள் பெருகும், நெருக்கி எழுதினால் குறையும். ஆகவே படியெடுப்பவர் நூலை முடித்தபின் தத்கராவைப் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டியிருந்தது. சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் தொடர்ந்து எழுதும் ‘லரிவார்’ முறையே அன்று வழக்கில் இருந்தது. ஒரு பாடல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பிரித்தறிவதே கடினமாக இருந்திருக்கும். அப்படியிருந்தும் பாடல்கள் தொலையவில்லை. இதற்கான காரணம் ஒவ்வொரு பாடலின் கடைசியிலும் நிற்கும் எண்களில் இருக்கிறது.

3. பாடலுக்குள்ளே ஒரு கணக்கு

குரு கிரந்த சாகிபின் பெரும்பகுதி 31 ராகங்களாகப் பிரிக்கப்பட்டது. முன்னால் நாள்வழிபாட்டுப் பாடல்கள் 13 பக்கங்கள். 14ஆம் பக்கத்தில் ஸ்ரீராகம் தொடங்கி, 1353ஆம் பக்கத்தில் ஜெய்ஜாவந்தியோடு ராகப் பகுதி முடிகிறது. அதன்பின் ராகம் சாராத சலோகங்கள். சம்பந்தரின் பாடல்களைப் பண் வாரியாக அடுக்கிய முதல் மூன்று திருமுறைகளைப் படித்தவருக்கு இவ்வமைப்பின் தர்க்கம் உடனே விளங்கும். பாடுபவர் தேடிவருவது ராகத்தை. ஆகவே ராகமே முதல் வாசல்.

ராகத்துக்குள் பாடலின் நீளமும் வடிவமும் அடுத்த பிரிவு: நான்கு பத்திகள் கொண்டவை, எட்டுப் பத்திகள் கொண்டவை, சந்தங்கள், வார் எனும் நெடும்பாடல்கள், இறுதியில் பக்தர்களின் பாடல்கள். ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் குருமார்கள் காலவரிசையில் வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் ‘நானக்’ என்றே முத்திரை வைத்துப் பாடியதால், யார் பாடியது என்பதை ‘மகலா 1’, ‘மகலா 3’, ‘மகலா 5’ என்ற தலைப்பு எண்தான் காட்டும்.

இனி, பாடலின் கடைசியில் நிற்கும் எண்களுக்கு வருவோம். ஸ்ரீராகத்தில் மூன்றாம் குரு அமர்தாஸின் முதல் பாடல் 4, 1, 34 என்ற மூன்று எண்களோடு முடிகிறது. பாடலின் நான்காம் பத்தி முடிந்தது. இவ்வரிசையில் அமர்தாஸின் முதல் பாடல் இது. ஸ்ரீராகத்தின் இவ்வகைப் பாடல்களில் இது முப்பத்து நான்காவது. ஆகவே இதற்குமுன் குரு நானக்கின் பாடல்கள் 33 இருந்தாக வேண்டும். அமர்தாஸின் கடைசிப் பாடல் 4, 31, 64 என முடிகிறது. அடுத்து 39ஆம் பக்கத்தில் நான்காம் குரு ராம்தாஸ் தொடங்குகிறார். அவருடைய முதல் பாடலின் எண்கள் 4, 1, 65. முப்பத்து மூன்றோடு முப்பத்தொன்றைக் கூட்டினால் அறுபத்து நான்கு. கணக்கு நேராகிறது.

இந்த ஏற்பாட்டின் வலிமை தவறு நேரும்போதுதான் தெரியும். படியெடுப்பவர் ஒரு பாடலை விட்டுவிட்டால் அந்த ஆசிரியரின் எண்ணும் மொத்த எண்ணும் சேர்ந்தே தாண்டும். யாராவது தம் பாடலை நடுவில் நுழைத்தால், அதன்பின் அப்பிரிவில் வரும் எல்லா எண்களையும் திருத்தியாக வேண்டும். கட்டும்போது ஏடு இடம்மாறினால் அடுத்த ஏட்டின் முதற்பாடல் எண்ணே அதைச் சொல்லிவிடும். ஏட்டெண் தேய்ந்து மறைந்த சுவடியில்கூட இதைக்கொண்டு வரிசையை மீட்கலாம். நம் ஏட்டுச்சுவடிகளிலும் பாட்டெண் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஒற்றைத் தொடர். இங்கே ஒரே பாடலின் கீழே இரண்டு மூன்று கணக்குகள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

ஆயினும் எல்லாச் சுவடிகளும் ஒத்துப்போயின என்று சொல்ல முடியாது. பன்னோ வழிச் சுவடிகள் என்று அறியப்படும் கிளையில் சூர்தாஸின் பாடல் ஒன்று முழுமையாகவும், மீராபாயின் பாடல் ஒன்றும் இடம்பெற்றுள்ளன. இன்றைய நூலின் 1253ஆம் பக்கத்தில் சூர்தாஸின் ஒரே வரி மட்டும் நிற்கிறது. அதைத் தொடர்வது குரு அர்ஜனின் பாடல். கிளைகளுக்கிடையே வேறுபாடு இருந்தது என்பதை குரீந்தர் சிங் மன், பஷௌரா சிங் முதலிய ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குள் முடிவுகள் வேறுபட்டாலும், ஒன்றில் ஐயமில்லை: வேறுபாடுகள் ஒரு சில பாடல்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஏறத்தாழ ஆறாயிரம் பாடற்பகுதிகள் கொண்ட நூலுக்கு அது மிகச் சிறிய அளவு. உட்கணக்கே இதற்கு முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.

4. அப்படியானால் பக்க எண் எதற்கு?

உட்கணக்கு காவலுக்கு நல்லது, தேடலுக்குப் போதாது. ராகம் மாறும்போது எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. வடிவம் மாறினாலும், பக்தர்களின் பாடல்கள் தொடங்கினாலும் அப்படியே. குறளில் 1 முதல் 1330 வரை ஓடுவதுபோல் நூல் முழுவதற்கும் ஓடும் ஒற்றை எண் இதில் இல்லை. உட்கணக்கை மட்டும் கொண்டு ஒரு பாடலைக் குறிக்க வேண்டுமானால் ராகம், வடிவம், ஆசிரியர், எண் என நான்கையும் சொல்ல வேண்டும்.

அச்சு வந்தபின் புதிய வாய்ப்பு பிறந்தது. 1860களில் லாகூரில் நூல் அச்சேறத் தொடங்கியது. தொடக்ககாலக் கல்லச்சுப் பதிப்புகள் தம்முள் பக்க அளவில் வேறுபட்டன. ஆகவே அச்சு மட்டுமே நிலைத்த பக்கத்தைத் தந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1430 பக்க அமைப்பு வழக்கத்தில் உறுதிப்பட்டது. ஒரு மாதிரிப் பிரதியை வைத்துக்கொண்டு, அதில் எந்தச் சொல்லில் வரி முடிகிறதோ அதே சொல்லில் புதுப் பதிப்பும் வரியை முடிக்க வேண்டும் என்பதே இதன் விதி. எழுத்துகள் நெருக்கமான வரியை இறுக்கியும், குறைவான வரியைத் தளர்த்தியும் பக்கத்தைக் காப்பாற்றினார்கள். முதற்பக்கத்தின் பூவேலைச் சட்டத்துக்குள் வரிகள் குறைவு; அந்தக் குறைவும் மாதிரியின் பகுதியாகவே பின்பற்றப்படுகிறது. சொற்பிரித்து அச்சிட்ட பிரதிக்கும் லரிவார் பிரதிக்கும் இப்போது பக்கக் கணக்கு ஒன்றே. ஆப்செட் அச்சு வந்தபின் வேலை எளிதாகிவிட்டது. ஒரே தட்டின் படத்தைப் பெருக்கினால் குருத்வாராவுக்குரிய பெரும்பிரதி, சுருக்கினால் வீட்டுப் பிரதி.

இதற்குப் பின்னால் உரையாசிரியர்களும் அகராதியாளர்களும் இந்தப் பக்கத்தையே பற்றிக்கொண்டார்கள். 1923இல் கௌர் சிங் நிஹங் வெளியிட்ட ‘குரு சபத் ரத்தன் பிரகாஷ்’ வரிகளின் அகரவரிசை அட்டவணை. வரி நினைவிலிருந்தால் பக்கம் கிடைக்கும். 1930களின் பிற்பகுதியில் தேஜா சிங் முதன்மையாக இருந்து உருவாக்கிய நான்கு தொகுதி ‘சபதார்த்’ உரைப்பதிப்பு, மூலத்தைப் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே வைத்து எதிர்ப்பக்கத்தில் குறிப்பு எழுதியது. சாகிப் சிங்கின் பத்துத் தொகுதி ‘தர்ப்பண்’ உரையில் உரை நீளமாதலால் பக்கம் ஒத்துவர வழியில்லை. அதனால் மூலத்தின் பக்க எண்ணை உள்ளே குறித்துக்கொண்டே போகிறார். மொழிபெயர்ப்பாளர்களும் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள். ஒவ்வொரு புதிய கருவிநூலும் 1430ஐ நம்பி எழுதப்பட்டதால், அதை மாற்றுவது பிறகு எவராலும் இயலாத காரியமாயிற்று. கணினித் தரவுகளும் ஒவ்வொரு வரியோடும் பக்க எண்ணையும் வரி எண்ணையும் சேர்த்தே வைத்திருக்கின்றன.

வழிபாட்டு வழக்கமும் இதற்குத் துணைசெய்தது. ‘அகண்ட பாட்’ என்பது நூலை நடுவில் நிறுத்தாமல் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் படித்து முடிப்பது. வாசகர்கள் மாறி மாறி அமர்கிறார்கள். 1430 பக்கங்களை 48ஆல் வகுத்தால் மணிக்கு முப்பது பக்கம், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். இரண்டு மணி நேர முறையில் அமர்பவர் அறுபது பக்கம் நகர்த்தினால் வாசிப்பு நேரத்தில் முடியும். பின்தங்கினால் எத்தனை பக்கம் பின்தங்கினோம் என்று உடனே தெரியும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த வாசகர்கள் ஒரே கணக்கில் வேலை செய்ய இது பெரிய வசதி.

5. ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தல்

ரவிதாஸின் ‘பேகம்புரா’ பாடலைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். துயரமற்ற நகரம் ஒன்றைப் பற்றியது அது. வரியும் அச்சமும் இல்லாத, இரண்டாம் மூன்றாம் தர மக்கள் என்று எவரும் இல்லாத ஊர். கெயில் ஓம்வெட் தம் நூல் ஒன்றின் தலைப்பிலேயே அந்த ஊரை நாடிச் சென்றார். தமிழில் தலித் இலக்கியம் படிப்பவர்களுக்கு இப்பெயர் அறிமுகமானது.

ராகம் கௌடி என்று தெரிந்தால், அது 151 முதல் 346 வரை. பக்தர்களின் பாடல்கள் ராகத்தின் இறுதியில் வரும் என்பதால் பின்னாலிருந்து தேட வேண்டும். பக்தர் பகுதி 323இல் கபீரோடு தொடங்குகிறது. கபீர் இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்களை எடுத்துக்கொண்டு, வாரநாட்களைப் பற்றிய பாடலோடு 345இல் முடிகிறார். அதே பக்கத்தில் நாமதேவரின் ஒரே பாடல். ராமநாமத்தால் கற்கள் மிதந்ததைச் சொல்லித் தொடங்கும் அப்பாடல் தமிழ்நாட்டு வாசகரைச் சேதுக்கரைக்கு அழைத்துச் சென்றுவிடும். குரு நானக் வந்ததாகச் சீக்கியர் நம்பும் ராமேஸ்வரத்தில் இன்றும் ஒரு குருத்வாரா இருக்கிறது. அடுத்து ரவிதாஸ் என்ற தலைப்பு. முதல் பாடல் 3, 1 என்று முடிகிறது. இரண்டாவதே பேகம்புரா. அது 3, 2 என்று முடிகிறது: மூன்று பத்திகள், இவ்வரிசையில் இரண்டாம் பாடல். அதன் கீழே மூன்றாம் பாடல் தொடங்கி, 346இல் போய் முடிகிறது.

நெசவாளர் கபீரும், துணித் தொழில் சார்ந்த குடியில் பிறந்த நாமதேவரும், தோல் தொழில் குடியில் பிறந்த ரவிதாஸும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பது அச்சுக் கணக்கின் விளைவுதான். ஆனால் அவர்கள் அந்த வரிசையில் நிற்பது தொகுத்தவரின் முடிவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்கத்தைப் பார்த்து விளக்கம் சொல்லும் கட்டுரைகளில் இக்குழப்பத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பக்க எண்ணின் முதல் வரம்பு இங்கே தெரிகிறது. ‘345’ என்று மட்டும் சொன்னால் மூன்று ஆசிரியர்களும் ஐந்து பாடல்களும் அதில் அடங்கும். சில பாடல்கள் இப்பக்கத்தில் பாதியும் அண்டைப் பக்கத்தில் பாதியுமாகப் பிளந்திருக்கும். ஆய்வுக்குப் பயன்படும் முழு முகவரி ‘கௌடி, ரவிதாஸ், 3–2, பக்கம் 345’ என்பதுதான். பக்கத்தில் அச்சுப்பிழை நேர்ந்தால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுக்கும்.

குருத்வாராக்களில் நாள்தோறும் ‘ஹுக்கம்’ எடுக்கும் முறையும் இந்த வரம்பை அறிந்தே அமைந்திருக்கிறது. நூலை ஏதோ ஓரிடத்தில் திறந்து, இடப்பக்கத்தின் மேல்முனையில் இருக்கும் பாடலைப் படிக்க வேண்டும். அது முந்தைய பக்கத்தில் தொடங்கியிருந்தால், தாளைத் திருப்பித் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். திறக்கும்போது கைகொடுப்பது பக்கம், படிக்கும்போது எல்லையாக நிற்பது பாடல். அன்றைய ஹுக்கத்தை எழுதி வைக்கும்போது பாடல் தொடங்கும் பக்க எண்ணையே குறிக்கிறார்கள்.

6. எண்ணுக்குள் ஒரு தீர்ப்பு

1430 என்பது நடுநிலையான எண் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1429ஆம் பக்கத்தில் குரு அர்ஜனின் ‘முந்தாவணி’ வருகிறது. அதுவே முத்திரை, நூலின் முடிவு என்று பலர் கருதுகிறார்கள். அதன்பின் அதே பக்கத்தில் தொடங்கி 1430இல் முடியும் ‘ராகமாலா’ ராகங்களையும் அவற்றின் பரிவாரங்களையும் பட்டியலிடும் பாடல். நூலில் பயன்படும் ராகங்களோடு அப்பட்டியல் முழுதும் ஒத்துப்போவதில்லை. அது குருவாக்கு அன்று என்று வாதிட்டவர்களும், கர்த்தார்பூர்ச் சுவடியிலேயே இருக்கிறது என்று காட்டி மறுத்தவர்களும் நூறாண்டுக்கும் மேலாக வழக்காடியிருக்கிறார்கள்.

1945இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு ஏற்ற ‘ரஹத் மரியாதா’ எனும் ஒழுக்கநெறி நூல் இதற்கு ஒரு வழி சொன்னது. வாசிப்பை முந்தாவணியோடும் முடிக்கலாம், ராகமாலா வரையும் படிக்கலாம். அந்தந்த இடத்து வழக்கப்படி செய்க. ஆனால் ராகமாலா இல்லாமல் பிரதி எழுதவோ அச்சிடவோ எவரும் துணியக் கூடாது. குரலுக்கு அனுமதித்த விலகலைத் தாளுக்கு அனுமதிக்கவில்லை. பாடத்தின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வியைத் திறந்தே விட்டு, நூலின் உடல் அளவை மட்டும் மூடினார்கள். இதைச் சமரசம் என்று சிலர் குறைசொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பக்கம் குறைந்த பிரதிகளும் குறையாத பிரதிகளும் சந்தையில் கலந்தால் எது முழுமை என்ற ஐயம் ஒவ்வொரு பிரதிமீதும் விழும். அதைத் தவிர்க்க இதைவிடக் குறைந்த கட்டுப்பாடு போதாது.

அச்சிடும் உரிமையை ஒரே இடத்தில் குவித்த பிற்கால நடவடிக்கைகளையும் இதன் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும். தனியார் அச்சகங்களின் பிரதிகளில் பிழைகளும் அவமதிப்பான கையாளலும் இருப்பதாகப் புகார்கள் எழுந்தபின், 1998இல் சீக்கியரின் உயர் சமயபீடமான அகால் தக்த் தனியார் அச்சீட்டுக்குத் தடை விதித்தது. பத்தாண்டுகள் கழித்து 2008இல் பஞ்சாப் அரசு சட்டம் இயற்றி அச்சிடும் அதிகாரத்தைச் சிரோமணி குழுவிடம் அளித்தது. பக்கத்தின் சீர்மை முதலில் வழக்கமாகி, பிறகு நெறியாகி, கடைசியில்தான் சட்டமானது.

குறளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மணக்குடவரிடம் ஒருவிதம், பரிமேலழகரிடம் வேறுவிதம். நாம் இன்று சொல்லும் குறள் எண்கள் பரிமேலழகர் வரிசையைப் பின்பற்றுபவை. அவ்வெண்ணைச் சொல்லும்போது ஓர் உரைகாரரின் தீர்ப்பையும் சேர்த்தே சொல்கிறோம், ஆனால் அதை யாரும் நினைவூட்டுவதில்லை. 1430இல் ராகமாலாவைப் பற்றிய தீர்ப்பு வெளிப்படையாகவே நிற்கிறது. முந்தாவணியோடு வாசிப்பை நிறுத்தும் குருத்வாராவிலும் பிரதியின் கடைசித் தாளில் அந்த எண் அச்சாகியிருக்கிறது. வாசகர் அதைப் படிக்காமல் நூலை மூடுகிறார்.